நம்ம ஊர் குருக்களை ஒரு சீசனுக்குக் கனடா கோயிலுக்குக் கூப்பிடணுமா? கோயில் தர வேண்டிய விசா லெட்டர் பத்தி முழு வழிகாட்டி

கனடாவுல இருக்கிற நம்ம கோயில்கள்ல மகோற்சவம் பெரும்பாலும் வெயில் காலத்துலதான் வைப்பாங்க, தேரை வெளியில இழுக்கணும்ல, பனியில அது நடக்காது. அதனால ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் எல்லாக் கோயில்லயும் ஒரே நேரத்துல கொடியேற்றம், தேர், தீர்த்தம்னு வரும், இங்கயே இருக்கிற குருக்கள்மார் எல்லாருக்கும் கைநிறைய வேலை, ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க. அப்பதான் கமிட்டில யாராவது "ஊர்ல இருந்து ஒருத்தரை எடுப்போம், ஒரு லெட்டர் கொடுத்தா போதும்ல"ன்னு சொல்வாங்க. லெட்டர் கொடுத்தா போதும்தான், ஆனா அந்த லெட்டர்ல என்ன இருக்கணும்னு தெரியாம நாலு வரி எழுதி அனுப்புறதுலதான் பாதி விசா ரிஜெக்ட் ஆகுதுன்னு நான் நினைக்கிறேன். நான் இங்க பேசப்போறது கனடா மட்டும்தான், அதுலயும் ஒரு சீசன், அதாவது 6 மாசத்துக்குள்ள வந்து பூஜை செஞ்சுட்டுத் திரும்பிப் போறவங்களுக்கு. அமெரிக்கா, இங்கிலாந்து ரூல் எல்லாம் வேற, இதை அங்க அப்படியே காப்பி அடிக்காதீங்க.

முதல்ல எந்த ரூல்ல வர்றாருன்னு தெரிஞ்சுக்கோங்க

பல பேருக்குத் தெரியாத விஷயம் இது. கனடால குருக்கள் வேலை செய்ய எப்பவுமே ஒர்க் பெர்மிட் வேணும்னு இல்ல. குடிவரவு விதிகள்ல R186(l)னு ஒரு பிரிவு இருக்கு, அதுல சொல்றது என்னன்னா, ஒரு சபையோ சமூகமோ அதோட ஆன்மிகத் தேவைகளை நிறைவேத்திக்க உதவுற பொறுப்புல ஒருத்தர் இருந்து, அவரோட *முக்கிய வேலை* மத போதனை செய்றது, சபை கூடுற நேரத்துல சடங்குகளை நடத்துறது, இல்ல ஆன்மிக ஆலோசனை சொல்றதுன்னு இருந்தா, அவர் ஒர்க் பெர்மிட் இல்லாமலே அந்த வேலையைச் செய்யலாம், சம்பளமும் வாங்கலாம். இது பாதிரியார், இமாம், குருக்கள் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

ஆனா ஒர்க் பெர்மிட் வேண்டாம்னா விசாவே வேண்டாம்னு அர்த்தம் இல்ல. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களுக்கு விசிட்டர் விசா கட்டாயம். அதனால அவர் அப்ளை பண்றது விசிட்டர் விசாதான், ஆனா சுத்திப் பார்க்க வர்றவர் மாதிரி இல்லாம, R186(l) பிரிவுல கோயில் கைங்கரியத்துக்கு வர்றேன்னு வெளிப்படையா சொல்லி அப்ளை பண்றாரு. சில பேர் "டூரிஸ்ட்னு போட்டா ஈஸியா கிடைக்கும், இங்க வந்து பூஜை பண்ணிக்கலாம்"னு யோசனை சொல்வாங்க, தயவுசெஞ்சு அதைக் கேக்காதீங்க. உண்மையான காரணத்தை மறைச்சதா தெரிஞ்சா அது தவறான தகவல் கொடுத்த கணக்குல வரும், 5 வருஷம் கனடாவுக்கு அப்ளை பண்ணவே முடியாது. அந்த அடி விழுறது கமிட்டி மேல இல்ல, அந்தக் குருக்கள் மேல.

இந்தப் பிரிவு யாருக்கு உதவாதுன்னும் தெரிஞ்சுக்கணும். மடப்பள்ளில சமைக்கிறதுக்கு ஒருத்தர், விமானத்துக்கு சுதை வேலை செய்ய ஸ்தபதி, ஆபிஸ் கணக்கு பார்க்க ஒருத்தர், இவங்களை எல்லாம் "குருக்கள்"னு எழுதிக் கூட்டிட்டு வர முடியாது. நாதஸ்வரம் தவில் கலைஞர்களுக்குக் கலைஞர்களுக்கான வேற பிரிவு இருக்கு, அதுக்கு வேற நிபந்தனைகள், வேற லெட்டர். ஓதுவார், பரிசாரகர் விஷயத்துல முக்கிய வேலை என்னங்கிறதுதான் கேள்வி. தீட்சை பெற்ற குருவா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா நாள் முழுக்கத் திருமுறை ஓதி வழிபாட்டுல பங்கெடுக்கிறாரா, இல்ல பாத்திரம் கழுவி பிரசாதம் கட்டுறாரான்னு பார்ப்பாங்க.

விசா ஆபிசர் எதைத் தேடுறாரு

லெட்டரை ஆபிசருக்குத்தான் எழுதுறோம், குருக்களுக்கு இல்ல. அவருக்கு மகோற்சவம்னா என்னன்னு தெரிஞ்சிருக்காது, உங்க கோயில் எவ்வளவு பெருசுன்னும் தெரியாது. இந்த மாதிரி அப்ளிகேஷன்ல அவர் பார்க்கிறது சுருக்கமா மூணு விஷயம். ஒண்ணு, இந்தக் கோயில் உண்மையிலேயே இருக்கா, கூப்பிடுறது நிஜமா, இவரைத் தங்க வச்சு சாப்பாடு போட்டு சம்பளம் கொடுக்கிற சக்தி இருக்கா. ரெண்டு, இவர் நிஜமா குருக்களா, இந்தக் கோயில் சடங்குகளைச் செய்யத் தகுதி இருக்கா. மூணு, வேலை முடிஞ்சதும் திரும்பிப் போவாரா. மூணாவதுலதான் நிறைய பேர் விழுறாங்க, ஆனா கமிட்டிக்காரங்க முதல் ரெண்டுக்கும் பக்கம் பக்கமா எழுதிட்டு மூணாவதுக்கு "அவர் கண்டிப்பாகத் திரும்பி விடுவார்"னு ஒரு வரி போட்டு முடிச்சிடுறாங்க.

என்னோட வழி என்னன்னா, லெட்டர்ல ஒவ்வொரு வரியும் ஃபைல்ல இருக்கிற இன்னொரு பேப்பரோட ஒத்துப்போகணும். கோயில் பெருசுன்னு சொன்னா அதுக்கு ஒரு பேப்பர், அவர் 18 வருஷமா பூஜை பண்றாருன்னா அதுக்கு ஒரு பேப்பர். பேப்பர் இல்லாத வரியை எடுத்துடுங்க, நீளமா எழுதுறதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி

கோயில் பதிவு செஞ்ச அறக்கட்டளையா இருந்தா வருமான வரித்துறை கொடுத்த நம்பர் ஒண்ணு இருக்கும், 9 இலக்கம், அப்புறம் RR, அப்புறம் 0001. அந்த நம்பரைப் போட்டுத் தேடினா யார் வேணும்னாலும் உங்க கோயிலோட வருஷாந்திர ரிட்டர்ன், அதாவது T3010, அதுல இருக்கிற வரவு செலவு, நிர்வாகிகள் பேர் எல்லாத்தையும் ஆன்லைன்ல பார்க்கலாம். நீங்க பார்க்க முடியும்னா ஆபிசரும் பார்க்க முடியும். அதனால லெட்டர் டைப் பண்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்க. நான் பார்த்ததுல அடிக்கடி வர்ற சிக்கல் என்னன்னா, லெட்டர்ல கையெழுத்துப் போட்ட தலைவர் பேர் அந்த லிஸ்ட்லயே இருக்காது, ஏன்னா போன பொதுக்குழுவுல புது கமிட்டி வந்திருக்கும், ரிட்டர்ன்ல பழைய ஆளுங்க பேர்தான் நிக்கும். அப்படி இருந்தா புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தோட மினிட்ஸ் காப்பியைச் சேர்த்து வைங்க, இல்ல லிஸ்ட்ல பேர் இருக்கிற செயலாளரை கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இன்னொண்ணு, அந்த ரிட்டர்னை நிதியாண்டு முடிஞ்சு 6 மாசத்துக்குள்ள போட்டாகணும், பாக்கி இருந்தா அதை முதல்ல முடிங்க.

அடுத்து கமிட்டில ஒரு தீர்மானம் போடுங்க. இன்னாரை, இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரை, இவ்வளவு சம்பாவனைக்கு, தங்குமிடம் சாப்பாடு டிக்கெட் இன்ஷூரன்ஸோட அழைக்கிறதுன்னு ஒரு பக்கத்துல போதும். லெட்டர் தனிப்பட்ட ஒரு ஆள் எழுதினதா இல்லாம கோயில் எடுத்த முடிவுன்னு காட்டுறதுக்கு இது நல்லா உதவும். அதோட, பின்னாடி கமிட்டி மாறினாலும் குருக்களுக்குச் சொன்ன பணத்தை யாரும் சுலபமா குறைக்க முடியாது.

குருக்கள்கிட்ட கேட்டு வாங்க வேண்டியது: பாஸ்போர்ட் முதல் பக்கம், ஆகம பாடசாலைல படிச்ச சான்றிதழ், தீட்சை அல்லது ஆச்சார்ய அபிஷேகம் ஆனதுக்கு சான்று, இப்ப வேலை செய்ற கோயில்ல இருந்து லீவு லெட்டர், பேங்க் ஸ்டேட்மெண்ட், குடும்ப விவரம். முன்னாடி சிங்கப்பூர் மலேசியான்னு கும்பாபிஷேகத்துக்குப் போய் வந்திருந்தா அந்த விசா, வருகை முத்திரை பக்கங்களும். தமிழ்ல இருக்கிற சான்றிதழ் எல்லாத்துக்கும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், மொழிபெயர்த்தவரோட உறுதிமொழிப் பத்திரமும் வேணும், மூலத்தோட காப்பியும் கூட வைக்கணும். குருக்களோட மச்சானே மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டா ஏத்துக்க மாட்டாங்க.

லெட்டரை ஒவ்வொரு பத்தியா எழுதலாம்

ஒரு உதாரணத்தை வச்சுப் போவோம். ஸ்கார்பரோல ஒரு முருகன் கோயில், நிரந்தர குருக்கள் 2 பேர். மகோற்சவம், ஆடிச் செவ்வாய், அப்புறம் நவராத்திரி வரைக்கும் ஒருத்தர் கூடுதலா வேணும். மயிலாடுதுறை பக்கத்துல ஒரு சிவன் கோயில்ல பூஜை பண்ற 41 வயசு குருக்களைக் கூப்பிடுறாங்க, ஊர்ல மனைவி, ரெண்டு பிள்ளைங்க, அம்மா. ஜூன் 5 வந்து அக்டோபர் 31 கிளம்பணும். இந்தத் தேதியே முக்கியம், ஏன்னா விசிட்டரா உள்ள வர்றவங்களுக்குப் பொதுவா 6 மாசம்தான் தங்க அனுமதி, அதுக்குள்ள அடங்குற மாதிரி வச்சா எக்ஸ்டென்ஷன் பிரச்சனையே வராது.

லெட்டர் கோயில் லெட்டர்ஹெட்ல, இங்கிலீஷ்ல இருக்கணும், ரெண்டு பக்கத்துக்கு மேல போக வேண்டாம். மேல தேதி, கோயில் முகவரி, போன், அறக்கட்டளை நம்பர். யாருக்குன்னா விசா அதிகாரிக்கு. பொருள் வரிலயே குருக்களோட பேர் பாஸ்போர்ட்ல இருக்கிற ஸ்பெல்லிங்ல, பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், R186(l) பிரிவுல வர்றார்ங்கிறதையும் போட்டுடுங்க. ஆபிசருக்கு எந்தப் பிரிவுன்னு தேட வேண்டிய வேலையே இருக்கக் கூடாது. பேர் விஷயத்துல கவனம், ஊர்ல எல்லாரும் சுந்தரேச குருக்கள்னு கூப்பிடுவாங்க, பாஸ்போர்ட்ல அப்பா பேரோட வேற மாதிரி இருக்கும். அப்படி இருந்தா பாஸ்போர்ட் பேரை எழுதிட்டு, இந்தப் பேர்லயும் அழைக்கப்படுவார்னு ஒரே ஒரு தடவை சேருங்க, ஏன்னா தீட்சை சான்றிதழ்ல அந்தப் பேர்தான் இருக்கும்.

முதல் பத்தி கோயிலைப் பத்தி. எந்த வருஷம் ஆரம்பிச்சது, எந்த முகவரி, கட்டிடம் சொந்தமா வாடகையா, சாதாரண வெள்ளிக்கிழமைல எத்தனை பேர் வர்றாங்க, தேருக்கு எத்தனை பேர், நிரந்தர குருக்கள் எத்தனை. தல புராணம் வேண்டாம். எண்ணிக்கை சொல்லும்போது உண்மையைச் சொல்லுங்க, T3010ல காணிக்கை வரவு ஒரு மாதிரி இருந்து லெட்டர்ல பத்தாயிரம் பேர்னு இருந்தா அதுவே சந்தேகம் கிளப்பும்.

ரெண்டாவது பத்தி ஏன் இவர் தேவை. இங்கதான் பல லெட்டர் "எங்கள் ஆலய மகோற்சவத்தைச் சிறப்பிக்க"ன்னு எழுதி முடிஞ்சு போகுது. ஆபிசருக்குப் புரியுற மாதிரி வேலையா உடைச்சுச் சொல்லணும். உதாரணத்துக்கு இப்படி:

"எங்கள் ஆலயத்தின் ஆண்டுத் திருவிழா 12 நாட்கள் நடக்கும். ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் யாகசாலையில் ஹோமம், மூலவருக்கு அபிஷேகம், சுவாமி புறப்பாடு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் நடைபெறும். ஒவ்வொன்றையும் தீட்சை பெற்ற ஒரு ஆச்சாரியார் முன்னின்று நடத்த வேண்டும். எங்களிடம் இருவரே உள்ளனர். அதே வாரங்களில் அண்டை ஆலயங்களிலும் திருவிழாக்கள் நடப்பதால் உள்ளூரில் மூன்றாவது ஆச்சாரியார் கிடைப்பதில்லை."

இதைப் படிக்கிற யாருக்கும் மூணு இடம், ரெண்டு பேர், அதனால ஒருத்தர் குறையுதுன்னு கணக்கு புரிஞ்சிடும். இதுக்கு ஆதாரமா போன வருஷத் திருவிழா நோட்டீஸை இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட வைங்க, நாள்வாரி நிகழ்ச்சி அதுலயே இருக்கும்.

மூணாவது பத்தி அவர் என்ன செய்வார். தினமும் எத்தனை கால பூஜை, திருவிழா நாள்ல எந்தப் பொறுப்பு, வெள்ளிக்கிழமை பக்தர்களுக்கு அர்ச்சனை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு எழுதுங்க. பக்தர்கள் வீட்டு கிரகப்பிரவேசம், கல்யாணம்னு கோயில் அனுப்பினா போவார்னு இருந்தா அதையும் கோயில் ஏற்பாட்டுல போவார்னு எழுதிடுங்க. அப்புறம் ஒரு தெளிவான வரி: சமையல், துப்புரவு, கட்டிட வேலை, அலுவலக வேலை எதுவும் அவரோட பொறுப்புல கிடையாது. இந்த வரியை எழுதிட்டு அவரை அன்னதானத்துக்கு வெங்காயம் நறுக்க விடாதீங்க. எழுதினதை நடத்துறதும் உங்க பொறுப்புதான்.

நாலாவது பத்தி அவரோட தகுதி. எந்தப் பாடசாலை, எத்தனை வருஷம் படிச்சார், எந்த ஆகம முறை, எந்த வருஷம் தீட்சை, இப்ப எந்தக் கோயில்ல எத்தனை வருஷமா இருக்கார். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "இணைப்பு 3", "இணைப்பு 4"ன்னு நம்பர் போடுங்க. பரம்பரையா அப்பாகிட்டயே கத்துக்கிட்டு சான்றிதழே இல்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க எல்லாம் தகுதி இல்லாதவங்கன்னு ஆகிடாது. அந்த மாதிரி ஆளுங்களுக்கு தீட்சை கொடுத்த குருகிட்ட இருந்து ஒரு லெட்டர், வேலை செஞ்ச கோயில்கள்ல இருந்து லெட்டர், கும்பாபிஷேக அழைப்பிதழ்ல சர்வசாதகம், சாதகாச்சாரியார்னு அவர் பேர் அச்சான பக்கம், இதையெல்லாம் சேர்த்தா கேஸ் நல்லாவே நிக்கும். அந்த அழைப்பிதழ்ல தேதியும் இடமும் இருக்கிறதால அது ரொம்ப நல்ல ஆதாரம், ஊர்ல பெட்டியைத் திறந்து தேடச் சொல்லுங்க.

அஞ்சாவது பத்தி பணமும் தங்குமிடமும். மாசம் இவ்வளவு டாலர், எந்த முகவரில தனி அறை, சாப்பாடு யார், போக வர டிக்கெட் யார், மருத்துவ இன்ஷூரன்ஸ் யார். விசிட்டரா வர்றவங்களுக்கு இங்க அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கும்னு நம்பி இருக்காதீங்க, ஆஸ்பத்திரில ஒரு ராத்திரி இருந்தாலே பில் தாங்காது, தனியார் பாலிசி எடுத்து அதை லெட்டர்ல எழுதுங்க. நம்ம உதாரணத்துல மாசம் 2,000 டாலர், கோயில் வளாகத்துல அறை, டிக்கெட்டும் இன்ஷூரன்ஸும் கோயில் செலவுன்னு வைப்போம். கிட்டத்தட்ட 5 மாசத்துக்கு 10,000 டாலர், மத்த செலவும் இருக்கு, அப்ப கோயிலோட பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இதைத் தாங்குற இருப்பு தெரியணும். வரி பிடித்தமும் இருக்கு. கனடால குடியில்லாதவருக்கு இங்க செஞ்ச சேவைக்குக் கட்டணமா கொடுத்தா பொதுவா 15% பிடிச்சுக் கட்டணும், ஊழியரா வச்சா சம்பளப் பிடித்த முறை வேற. எது உங்களுக்குப் பொருந்தும்னு கோயில் அக்கவுண்டன்ட்கிட்ட முன்னாடியே கேட்டு, கைல எவ்வளவு கிடைக்கும்னு குருக்கள்கிட்ட சொல்லிடுங்க.

ஆறாவது பத்திதான் திரும்பிப் போறது. "திரும்பி விடுவார்"னு நீங்க சொல்றதுக்கு மதிப்பு கம்மி, அவர் ஏன் திரும்பியாகணும்னு காட்டுறதுக்குத்தான் மதிப்பு. நம்ம உதாரணத்துல, ஊர்க் கோயில்ல மார்கழி பூஜையும் திருவாதிரையும் அவர்தான் நடத்தணும், இந்த 5 மாசத்துக்கு அவரோட தம்பி அந்தப் பூஜையைப் பார்த்துக்கிறார், நவம்பர்ல அவர் திரும்பப் பொறுப்பேத்துக்கணும்னு அந்தக் கோயிலே லீவு லெட்டர்ல எழுதிக் கொடுக்குது. கோயில் லெட்டர்ல அந்த லீவு லெட்டரைக் குறிப்பிட்டு "இணைப்பு 6"னு போட்டுட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு தாங்கும். முன்னாடி உங்க கோயிலுக்கு வேற குருக்கள் வந்து நேரத்துக்குத் திரும்பிப் போயிருந்தா, எந்த வருஷம் வந்து எந்தத் தேதி போனார்னு எழுதுங்க, அது கோயிலுக்கு நல்ல பேர்.

கடைசியா கையெழுத்து, பேர், பதவி, நேரடி போன் நம்பர், கனடா குடியுரிமையா நிரந்தர வதிவிடமாங்கிறது. அந்த போனை எடுக்கிற ஆள் நம்பர் போடுங்க, கோயில் ஆபிஸ் நம்பர் மட்டும் போட்டா மத்தியானம் நடை சாத்தின நேரத்துல அடிச்சிட்டே இருக்கும். நோட்டரி பொதுவா கட்டாயம் இல்ல.

ஊர்ல இருந்து வர்ற லீவு லெட்டர்

இதை அலட்சியமா விட்டா உங்க லெட்டர் எவ்வளவு நல்லா இருந்தாலும் வீண். அறநிலையத்துறை கோயில்ல பணியாளரா இருந்தா செயல் அலுவலர்கிட்ட இருந்து விடுப்பு அனுமதியும் சம்பள ரசீதும் வாங்கணும், அதுக்கு நாள் ஆகும், முதல்ல அதுக்குத்தான் எழுதிப் போடணும். தனியார் கோயில்னா தர்மகர்த்தா இல்ல பரம்பரை அறங்காவலர் கொடுக்கலாம். அதுல எந்த வருஷத்துல இருந்து இருக்கார், என்ன பொறுப்பு, எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரை லீவு, அந்த நேரத்துல யார் பூஜை பண்ணுவா, எப்ப திரும்பப் பொறுப்பேத்துக்கணும்னு இருக்கணும். தேதி ரெண்டு லெட்டர்லயும், அப்ளிகேஷன் ஃபார்ம்லயும், இன்ஷூரன்ஸ்லயும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல ஜூன் 5, இன்னொண்ணுல ஜூன் 15ன்னு இருக்கிறது சின்ன விஷயமா தெரியும், ஆனா ஆபிசருக்கு இது ரெண்டு பேர் பேசிக்காம எழுதின லெட்டர்னு படும்.

பேங்க் விஷயம் ஒண்ணு. நிறைய குருக்கள்மாருக்கு வருமானம் தட்டுக் காசும் வீட்டு ஹோம தட்சிணையுமா ரொக்கத்துலதான் வரும், அக்கவுண்ட்ல கொஞ்சம்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து யாராவது சொந்தக்காரங்க அப்ளை பண்றதுக்கு முந்தின வாரம் 4 லட்சம் ரூபாய் போட்டுவிடுவாங்க. அது உதவாது, எங்க இருந்து வந்துச்சுன்னு கேள்விதான் வரும். இருக்கிறதை இருக்கிறபடி காட்டிட்டு, செலவு முழுக்கக் கோயில்னு லெட்டர்ல தெளிவா இருந்தா போதும். ஊர்ல சொந்த வீடு, நிலம் இருந்தா அந்தப் பத்திரக் காப்பி, பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல் சான்று, இதெல்லாம் திரும்பிப் போற காரணத்துக்கு வலு சேர்க்கும்.

அப்ளை பண்றதும் அதுக்கப்புறமும்

அப்ளிகேஷன் குருக்கள் பேர்ல ஆன்லைன்ல போகும். விசா கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகை போட்டோவுக்கு 85. பணம் கட்டி அனுப்பினதும் கைரேகைக்கு லெட்டர் வரும், அதை எடுத்துட்டு 30 நாளைக்குள்ள சென்னை மாதிரி ஊர்ல இருக்கிற விண்ணப்ப மையத்துக்குப் போகணும். கைரேகை 10 வருஷம் செல்லும், அதனால முன்னாடி கொடுத்தவங்க திரும்பக் கட்ட வேண்டியதில்ல. எவ்வளவு நாள் ஆகும்ங்கிறது நாட்டுக்கு நாடு, வாரத்துக்கு வாரம் மாறும், குடிவரவுத் துறை சைட்லயே போட்டிருப்பாங்க. என் கருத்து, ஜூன்ல வரணும்னா ஜனவரில பேப்பர் சேர்க்க ஆரம்பிச்சு பிப்ரவரிக்குள்ள அப்ளை பண்ணிடுங்க, ஒரு தடவை மறுத்தாலும் திரும்பப் போட நேரம் இருக்கும்.

கமிட்டில யாராவது காசு வாங்காம உதவி பண்ணலாம், ஆனா IMM 5476ங்கிற பிரதிநிதி ஃபார்ம்ல அவரோட பேரைக் காட்டணும். காசு வாங்கிட்டு செய்ற ஏஜென்ட் லைசென்ஸ் உள்ள ஆலோசகரா இல்ல வக்கீலா இருக்கணும். ஊர்ல டிராவல்ஸ்காரர் பூர்த்தி பண்ணித் தர்றார்னா அவர் என்ன எழுதினார்னு அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களும் குருக்களும் ஒவ்வொரு பக்கமா பாருங்க, வேலைங்கிற இடத்துல "பிசினஸ்"னு போட்டு வச்சிருப்பாங்க.

மறுத்துட்டாங்கன்னா அதே பேப்பரை அடுத்த நாளே திரும்ப அனுப்பாதீங்க. மறுப்புக் கடிதத்தோட ஆபிசர் குறிப்பும் வந்திருக்கான்னு பாருங்க, சில நேரம் பொதுவான காரணம் மட்டும்தான் இருக்கும். ஆபிசர் நிஜமா என்ன எழுதி வச்சாருங்கிற குறிப்பைத் தகவல் அறியும் சட்டத்துல 5 டாலர் கட்டிக் கேக்கலாம், கனடால இருக்கிற நீங்க குருக்களோட சம்மதக் கையெழுத்தோட கேக்கலாம். வருகையின் நோக்கம் தெளிவில்லன்னு இருந்தா பிரச்சனை உங்க லெட்டரோட ரெண்டாவது மூணாவது பத்தில இருக்கு. திரும்பிப் போவார்னு நம்பிக்கை இல்லன்னு இருந்தா லீவு லெட்டரையும் குடும்ப, சொத்து ஆதாரங்களையும் பலப்படுத்தணும். எதை மாத்தினீங்கன்னு புது லெட்டர்லயே ரெண்டு வரில சொல்லிட்டு அனுப்புங்க.

விசா கிடைச்சாலும் ஏர்போர்ட்ல எல்லை அதிகாரிதான் உள்ள விடணுமா, எவ்வளவு நாள்னு முடிவு பண்றவர். குருக்கள் கைப்பைல லெட்டர் காப்பி, லீவு லெட்டர், ரிட்டர்ன் டிக்கெட், இன்ஷூரன்ஸ் பேப்பரா இருக்கணும், போன்ல மட்டும் வச்சா சார்ஜ் போயிடும். எதுக்கு வந்தீங்கன்னா "கோயில் திருவிழாவுல பூஜை செய்ய, ஒர்க் பெர்மிட் தேவையில்லாத பிரிவு, அக்டோபர் 31 திரும்பறேன்"னு சொல்லத் தெரியணும், "சும்மா விசிட்"னு பதட்டத்துல சொல்லிட்டா லெட்டரோட முரண்படும். தமிழ் மட்டும்தான் தெரியும்னா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்கலாம். பெட்டில சமித்து, தர்ப்பை, விதை, நெய்யின்னு எது இருந்தாலும் படிவத்துல எழுதிக் காட்டணும். செடி சம்பந்தப்பட்டது பலதும் பறிமுதல் ஆகும், அதனால ஹோம சாமான்களை இங்கயே வாங்கிக் கொடுங்க.

வந்ததுக்கு அப்புறம் கமிட்டி கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். அவர் பாஸ்போர்ட் அவர்கிட்டயே இருக்கணும், "பத்திரமா இருக்கட்டும்"னு கோயில் லாக்கர்ல வாங்கி வைக்காதீங்க. லெட்டர்ல எழுதின பணம், வேலை நேரம், அறை எல்லாம் அப்படியே நடக்கணும். லெட்டரோட தமிழ்க் காப்பி ஒண்ணை ஊர்ல இருக்கும்போதே அவர்கிட்ட கொடுத்துடுங்க, தனக்கு என்ன சொல்லப்பட்டதுன்னு அவருக்கே தெரியாம பல பேர் விமானம் ஏறுறாங்க.

திருவிழா தள்ளிப் போய் கூட நாள் வேணும்னா அனுமதிச்ச தேதி முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எக்ஸ்டென்ஷனுக்கு அப்ளை பண்ணுங்க, புது லெட்டர், ஊர்க் கோயில்ல இருந்து நீட்டிச்ச லீவு லெட்டர் ரெண்டும் வேணும். அவர் கிளம்பினதும் போர்டிங் பாஸ் காப்பி, ஊர்ல இறங்கின முத்திரை பக்கம், அப்புறம் ஊர்க் கோயில்ல திரும்பப் பொறுப்பேத்துக்கிட்டார்னு ஒரு கடிதம், மூணையும் வாங்கி கோயில் ஃபைல்ல வைங்க. விசா பாஸ்போர்ட் காலம் வரைக்கும் பல தடவை வர்ற மாதிரி கிடைச்சிருந்தாலும், ஒவ்வொரு சீசனுக்கும் புதுத் தேதியோட புது லெட்டர் எழுதணும், அந்த லெட்டரோட ஆறாவது பத்திக்கு இந்த மூணு பேப்பரும்தான் இணைப்பு.